உலோகம், குறைகடத்தி, காப்பான்: பட்டைக் கொள்கையைக் கொண்டு விடை எழுதும் முறை

திண்மநிலைப் பாடத்தில் அடிக்கடி வரும் வினா இது: பட்டைக் கொள்கையின் அடிப்படையில் உலோகங்கள் ஏன் மின்சாரத்தைக் கடத்துகின்றன, குறைகடத்திகளுக்கு ஏன் அயல் அணுக்களைச் சிறிதளவு சேர்க்கும் மாசூட்டல் வேண்டும், காப்பான்கள் ஏன் கடத்துவதில்லை என்பதை விளக்குக. பெரும்பாலான விடைத்தாள்களில் மூன்று படங்கள் வரையப்பட்டு, இடைவெளி ஒன்றில் இல்லை, ஒன்றில் சிறியது, ஒன்றில் பெரியது என்று எழுதப்பட்டிருக்கும். அது தவறல்ல, ஆனால் விளக்கமும் அல்ல. காப்பானின் இணைதிறன் பட்டையிலும் எலெக்ட்ரான்கள் ஏராளமாக இருக்கும்போது அவை ஏன் மின்னோட்டத்தைத் தருவதில்லை, 3s பட்டை முழுதும் நிரம்பியிருக்க வேண்டிய மெக்னீசியம் ஏன் நல்ல கடத்தியாக இருக்கிறது, சிலிக்கானை மாற்றிவிடும் பாஸ்பரஸ் வைரத்தை ஏன் அவ்வாறு மாற்றுவதில்லை என்ற கேள்விகளுக்கு அந்த மூன்று படங்களில் பதில் இல்லை. இவை அனைத்தையும் ஒரே கேள்விக்குள் அடக்கிவிடலாம்: நிரம்பிய ஆற்றல் நிலைக்கு எவ்வளவு அருகில் காலி நிலை இருக்கிறது? விடையின் ஒவ்வொரு பத்தியும் இந்தக் கேள்விக்கு ஒரு பொருளுக்கான பதிலாக அமைந்தால் போதும். அதை எந்த வரிசையில் கட்டுவது என்பதைக் கீழே காணலாம்.

படி 1: நிலைகளை எண்ணுங்கள்

தனித்த சோடியம் அணுவின் எலெக்ட்ரான் அமைப்பு 1s² 2s² 2p⁶ 3s¹ ஆகும். இரண்டு சோடியம் அணுக்கள் நெருங்கும்போது அவற்றின் 3s ஆர்பிட்டால்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி, ஆற்றலில் சற்றே வேறுபட்ட இரண்டு நிலைகளாகப் பிரிகின்றன. N அணுக்கள் சேர்ந்தால் N நிலைகள் கிடைக்கும். பௌலியின் தவிர்ப்புத் தத்துவப்படி ஒவ்வொரு நிலையிலும் எதிரெதிர்த் தற்சுழற்சி கொண்ட இரண்டு எலெக்ட்ரான்களுக்கு மட்டுமே இடமுண்டு என்பதால், 3s பட்டையில் மொத்தம் 2N இடங்கள் இருக்கின்றன. "நிலைகள் N, இடங்கள் 2N" என்ற இந்த வரியைப் பலர் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். பின்னால் வரும் எல்லா வாதங்களும் இந்த எண்ணிக்கையின்மேல்தான் நிற்கின்றன என்பதால் இதை முதல் பத்தியிலேயே எழுதிவிட வேண்டும்.

ஒரு கன சென்டிமீட்டர் சோடியத்தில் ஏறத்தாழ 2.5 × 10²² அணுக்கள் உள்ளன. அத்தனை நிலைகளும் சில எலெக்ட்ரான் வோல்ட் அகலமுள்ள பட்டைக்குள் அடங்க வேண்டியிருப்பதால், அடுத்தடுத்த இரு நிலைகளுக்கு இடையிலான சராசரி வேறுபாடு 10⁻²² எலெக்ட்ரான் வோல்ட் என்ற அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. பட்டை தொடர்ச்சியானது என்று நாம் சொல்வதன் பொருள் இதுதான். 1s, 2s, 2p நிலைகளும் பட்டைகளாகவே மாறுகின்றன, ஆனால் அவை குறுகியவை, முழுதும் நிரம்பியவை. விடையில் அவற்றுக்கு ஒரு வரிக்குமேல் தேவையில்லை.

படி 2: நிரம்பிய பட்டை ஏன் கடத்தாது என்று நிறுவுங்கள்

விடையின் மையம் இந்தப் படிதான், இதற்கே நேரம் கொடுக்க வேண்டும். மின்புலம் செலுத்தப்படும்போது ஓர் எலெக்ட்ரான் மின்னோட்டத்தில் பங்கேற்க வேண்டுமானால், அது தன் உந்தத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். உந்தத்தை மாற்றுவது என்றால் வேறொரு நிலைக்குச் செல்வது என்று பொருள். அந்த வேறொரு நிலை காலியாக இருந்தால்தான் செல்ல முடியும்.

மின்புலம் தரும் ஆற்றல் எவ்வளவு என்று ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. தாமிரத்தில் அறை வெப்பநிலையில் ஓர் எலெக்ட்ரான் இரண்டு மோதல்களுக்கு இடையே சராசரியாக 40 நானோமீட்டர், அதாவது 4 × 10⁻⁸ மீட்டர் தொலைவு செல்கிறது. மீட்டருக்கு 1 வோல்ட் என்ற புலத்தைத் தாராளமாகவே எடுத்துக்கொண்டாலும், அந்தத் தொலைவில் அது பெறும் ஆற்றல் 4 × 10⁻⁸ எலெக்ட்ரான் வோல்ட்தான். 10⁻²² எலெக்ட்ரான் வோல்ட் தொலைவில் காலி நிலை இருக்கும் உலோகத்துக்கு இது தேவைக்கு மிக அதிகம். 1 எலெக்ட்ரான் வோல்ட் இடைவெளியைத் தாண்ட வேண்டிய எலெக்ட்ரானுக்கோ இது ஒன்றுமே இல்லை. எனவே "மின்னழுத்தம் எலெக்ட்ரான்களை இணைதிறன் பட்டையிலிருந்து கடத்து பட்டைக்கு ஏற்றுகிறது" என்று எழுதுவது பிழை. சாதாரண மின்புலங்களில் அந்த வேலையைச் செய்வது வெப்பமோ ஒளியோதான். மின்புலம், ஏற்கெனவே ஏறியவற்றை நகர்த்துகிறது.

நிரம்பிய பட்டையில் எலெக்ட்ரான்கள் அசையாமல் உறைந்து கிடப்பதாகவும் எண்ணிவிடக் கூடாது. அவை ஒவ்வொன்றும் பெரும் வேகத்தில் இயங்குகின்றன. ஆனால் ஒரு திசையில் செல்லும் ஒவ்வோர் எலெக்ட்ரானுக்கும் எதிர்த்திசையில் அதே வேகத்தில் செல்லும் இன்னொன்று இருப்பதால் நிகர மின்னோட்டம் சுழியாகிறது. மின்புலம் இந்தச் சமநிலையைக் குலைக்க வேண்டுமானால் சில எலெக்ட்ரான்களைக் காலி நிலைகளுக்கு நகர்த்தியாக வேண்டும், நிரம்பிய பட்டையில் அப்படி ஓர் இடமே இல்லை. நிறைகுடம் தளும்பாது என்பது இங்கே ஏறக்குறைய எழுத்துக்கு எழுத்து உண்மை.

படி 3: உலோகத்துக்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் தாருங்கள்

சோடியத்தில் ஒவ்வோர் அணுவும் ஒரு 3s எலெக்ட்ரானைத் தருகிறது. 2N இடங்களில் N மட்டுமே நிரம்புகின்றன, பட்டை பாதி காலியாக இருக்கிறது. நிரம்பிய நிலைகளின் மேல் எல்லையான பெர்மி மட்டம் பட்டையின் நடுவிலேயே விழுகிறது, அதற்கு உடனடியாக மேலே காலி நிலைகள் உள்ளன. ஆகவே மிகச் சிறிய புலமும் மின்னோட்டத்தைத் தருகிறது.

சோடியத்தோடு நிறுத்திவிட்டால் விடை பாதிதான். மெக்னீசியத்தின் அமைப்பு 3s² என்பதால் 2N எலெக்ட்ரான்கள் 2N இடங்களையும் நிரப்பிவிட வேண்டும், படி 2-இன் வாதப்படி அது காப்பானாக இருந்திருக்க வேண்டும். அது உலோகமாக இருப்பதற்குக் காரணம், திண்மத்தில் காலியான 3p பட்டை கீழிறங்கி 3s பட்டையோடு மேற்பொருந்துவதுதான். 3s பட்டையின் உச்சியில் இருக்க வேண்டிய எலெக்ட்ரான்களில் ஒரு பகுதி, அதைவிட ஆற்றல் குறைந்த 3p நிலைகளுக்குச் சென்றுவிடுகிறது. விளைவாக இரண்டு பட்டைகளுமே பகுதியளவு நிரம்பியவையாகின்றன. ஆகையால் உலோகத்தை "பகுதி நிரம்பிய பட்டை உடையது, அல்லது நிரம்பிய பட்டையும் காலிப் பட்டையும் மேற்பொருந்தியது" என்று இரு பகுதிகளாக வரையறுக்க வேண்டும். படத்திலும் இரண்டையும் தனித்தனியே வரைந்து காட்டுவது நலம்.

படி 4: வைரத்தையும் சிலிக்கானையும் ஒரே அளவுகோலில் வையுங்கள்

காப்பானுக்குக் கண்ணாடி, குறைகடத்திக்கு ஜெர்மானியம் என்று தொடர்பில்லாத பொருள்களை எடுப்பதைவிட, 14-ஆம் தொகுதியிலேயே இருந்து விளக்குவது எளிது. வைரத்துக்கும் சிலிக்கானுக்கும் ஒரே படிக அமைப்பு, ஒரே இணைதிறன், வேறுபடுவது இடைவெளியின் அளவு மட்டுமே.

இங்கே ஓர் இடறல் காத்திருக்கிறது. கார்பனின் அமைப்பு 2s² 2p². p பட்டையில் 6N இடங்கள் இருக்க, அவற்றில் 2N மட்டுமே நிரம்புகின்றன என்று சோடியத்தைப் போலவே எண்ணினால், வைரம் உலோகமாக இருக்க வேண்டும் என்று முடிவாகும். நான்முகிப் பிணைப்பில் s, p நிலைகள் கலந்து sp³ ஆகின்றன என்பதுதான் விடுபடும் செய்தி. மொத்தமுள்ள 8N இடங்கள், பிணைப்பு நிலைகளால் ஆன 4N இடங்கள் கொண்ட கீழ்ப்பட்டையாகவும், எதிர்ப்பிணைப்பு நிலைகளால் ஆன 4N இடங்கள் கொண்ட மேல்பட்டையாகவும் பிரிகின்றன. அணு ஒன்றுக்கு நான்கு வீதம் உள்ள 4N எலெக்ட்ரான்களும் கீழ்ப்பட்டையைச் சரியாக நிரப்பிவிடுகின்றன. அதுவே இணைதிறன் பட்டை, காலியாக உள்ள மேல்பட்டை கடத்து பட்டை.

வைரத்தில் பிணைப்பு நீளம் 0.154 நானோமீட்டர், பிணைப்பு வலிமையானது, இடைவெளி ஏறத்தாழ 5.5 எலெக்ட்ரான் வோல்ட். சிலிக்கானில் பிணைப்பு நீளம் 0.235 நானோமீட்டர், இடைவெளி 1.1 எலெக்ட்ரான் வோல்ட். இரண்டுக்கும் இடையே ஐந்து மடங்கு வேறுபாடுதானே என்று தோன்றலாம். ஆனால் வெப்பத்தால் கடத்து பட்டைக்கு ஏறும் எலெக்ட்ரான்களின் எண்ணிக்கை இடைவெளியைப் பொறுத்து அடுக்குக்குறிப்படி மாறுகிறது:

n = A · exp(−Eg / 2kT)

இதில் Eg என்பது இடைவெளி, k போல்ட்ஸ்மன் மாறிலி, T கெல்வின் வெப்பநிலை, A என்பது ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 10¹⁹. 300 கெல்வினில் kT = 0.026 எலெக்ட்ரான் வோல்ட். பகுதியில் 2 வருவதற்குக் காரணம், ஏறும் ஒவ்வோர் எலெக்ட்ரானும் கீழே மின்துளை எனப்படும் ஒரு காலி இடத்தை விட்டுச்செல்வதால் இரண்டும் இணையாகவே தோன்றுகின்றன என்பதாகும். சிலிக்கானுக்கு அடுக்கு −21.2 என வருகிறது, அதன் மதிப்பு ஏறத்தாழ 6 × 10⁻¹⁰. எனவே கன சென்டிமீட்டருக்கு 10¹⁰ அளவில் எலெக்ட்ரான்கள் கிடைக்கின்றன. வைரத்துக்கு அடுக்கு −106, அதன் மதிப்பு 10⁻⁴⁶ அளவு. கன சென்டிமீட்டருக்கு 10⁻²⁷ எலெக்ட்ரான் என்றால் என்ன பொருள்? பூமியின் பருமன் ஏறத்தாழ 10²⁷ கன சென்டிமீட்டர். பூமி முழுதும் மாசற்ற வைரமாக இருந்தாலும், அறை வெப்பநிலையில் அதில் கடத்து பட்டைக்கு ஏறியிருக்கும் எலெக்ட்ரான் ஒன்றிரண்டுதான். காப்பான் என்பதற்கு இதைவிடத் தெளிவான எண் வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை.

இதிலிருந்து ஒரு முக்கியமான வேறுபாடு வெளிப்படுகிறது. உலோகத்துக்கும் மற்ற இரண்டுக்கும் இடையே உள்ளது வகை வேறுபாடு: தனிச்சுழி வெப்பநிலையிலும் உலோகத்தில் காலி நிலை அருகிலேயே இருக்கும். குறைகடத்திக்கும் காப்பானுக்கும் இடையே உள்ளதோ அளவு வேறுபாடு மட்டுமே. தனிச்சுழியில் மாசற்ற சிலிக்கானும் காப்பானே. "3 எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் இருந்தால் காப்பான்" என்பது போன்ற எல்லைகள் வசதிக்காக வகுத்தவை, இயற்கையின் விதிகள் அல்ல.

படி 5: மாசூட்டலை எண்களோடு விளக்குங்கள்

சிலிக்கானின் 10¹⁰ பெரிய எண்ணாகத் தெரிந்தாலும், ஒரு கன சென்டிமீட்டரில் 5 × 10²² சிலிக்கான் அணுக்கள் இருக்கின்றன. ஐந்து லட்சம் கோடி அணுக்களுக்கு ஓர் எலெக்ட்ரான் என்ற கணக்கு. தாமிரத்தில் அணுவுக்கு ஒன்று. மேலும் வெப்பநிலை 10 கெல்வின் உயர்ந்தாலே இந்த எண் ஏறத்தாழ இரட்டிப்பாகிவிடும். ஆகவே மாசற்ற சிலிக்கான் கடத்தாது என்று எழுதக் கூடாது. அது மிகக் குறைவாகவும் நம் கட்டுப்பாட்டுக்கு அடங்காமலும் கடத்துகிறது, அதனால்தான் மாசூட்டல் தேவைப்படுகிறது என்று எழுத வேண்டும்.

இப்போது ஐம்பது லட்சம் சிலிக்கான் அணுக்களுக்கு ஒன்று வீதம் பாஸ்பரஸ் அணுக்களைச் சேர்ப்பதாகக் கொள்வோம். கன சென்டிமீட்டருக்கு 10¹⁶ பாஸ்பரஸ் அணுக்கள் படிகத்தில் சிலிக்கானின் இடங்களில் அமர்கின்றன. பாஸ்பரஸின் ஐந்து இணைதிறன் எலெக்ட்ரான்களில் நான்கு பிணைப்புகளுக்குச் செல்கின்றன. இணைதிறன் பட்டையில் இடமில்லாத ஐந்தாவது எலெக்ட்ரான், கடத்து பட்டைக்கு 0.045 எலெக்ட்ரான் வோல்ட் மட்டுமே கீழே அமைந்த கொடையாளி மட்டத்தில் இருக்கிறது. 1.1 எலெக்ட்ரான் வோல்ட் உயரத்தைத் தாண்ட வேண்டிய தேவை இதற்கு இல்லை.

0.045 என்பது kT-யின் மதிப்பான 0.026-ஐ விட அதிகம்தானே, பிறகு எப்படி எல்லாக் கொடையாளிகளும் எலெக்ட்ரானை இழக்கின்றன என்று கேட்கும் மாணவரைப் பாராட்ட வேண்டும். கடத்து பட்டையின் அடிப்பகுதியில் வெப்பத்தால் எட்டக்கூடிய நிலைகள் கன சென்டிமீட்டருக்கு 10¹⁹ அளவில் உள்ளன, கொடையாளிகளோ 10¹⁶தான். ஒரு கொடையாளி மட்டத்துக்கு மேலே ஆயிரத்துக்கும் அதிகமான காலி நிலைகள் திறந்திருப்பதால், சிறிய ஆற்றல் தடை இருந்தும் எலெக்ட்ரான் பெரும்பாலும் மேலேயே இருக்கிறது.

ஆகவே எலெக்ட்ரான் செறிவு 10¹⁰-லிருந்து 10¹⁶ ஆக, அதாவது பத்து லட்சம் மடங்கு உயர்கிறது. எலெக்ட்ரான் செறிவு n, மின்துளைச் செறிவு p, மாசற்ற நிலையின் செறிவு nᵢ எனக் கொண்டால், np = nᵢ² என்ற தொடர்பின்படி மின்துளைகள் 10⁴ ஆகக் குறைகின்றன. மின்தடை எண் ஏறத்தாழ 2 × 10⁵ ஓம் சென்டிமீட்டரிலிருந்து 0.5 ஓம் சென்டிமீட்டர் அளவுக்கு இறங்குகிறது. செறிவைத் தீர்மானிப்பது இனி வெப்பநிலை அல்ல, நாம் சேர்த்த பாஸ்பரஸின் அளவு. இத்தனை சிறிய அளவு மாசு இவ்வளவு பெரிய மாற்றத்தைத் தருவதால்தான், மாசூட்டுவதற்கு முன்பு சிலிக்கானை 99.9999999 விழுக்காடு தூய்மைக்குக் கொண்டுவருகிறார்கள்.

போரானைச் சேர்த்தால் நிகழ்வது இதன் மறுபக்கம். அதற்கு மூன்று இணைதிறன் எலெக்ட்ரான்கள் என்பதால், இணைதிறன் பட்டைக்கு 0.045 எலெக்ட்ரான் வோல்ட் மேலே ஏற்பான் மட்டம் தோன்றுகிறது. எலெக்ட்ரான்கள் அங்கே ஏற, கீழே மின்துளைகள் உருவாகி, நிரம்பியிருந்த பட்டை பகுதி காலியாகிறது. படி 2-இன் தடை நீங்குவது இவ்வாறே. பாஸ்பரஸ் சேர்த்த என்-வகைப் படிகம் எதிர்மின்னூட்டம் உடையது என்று எழுதுவது பரவலான பிழை. எலெக்ட்ரானை இழந்த பாஸ்பரஸ் நேர் அயனியாகப் படிகத்திலேயே இருப்பதால், படிகம் மொத்தத்தில் நடுநிலையானது.

படி 6: மற்ற இரண்டுக்கும் மாசூட்டல் ஏன் பயன்படாது என்று சொல்லுங்கள்

உலோகத்தில் அணுவுக்கு ஓர் எலெக்ட்ரான் ஏற்கெனவே தடையின்றி உள்ளது. ஐம்பது லட்சத்தில் ஒன்று சேர்த்தால் அந்த எண்ணிக்கையில் மாற்றம் தெரியாது. மாறாக, அயல் அணுக்கள் எலெக்ட்ரான்களைச் சிதறடித்து மின்தடையைக் கூட்டுகின்றன. சிலிக்கானின் கடத்துதிறனை உயர்த்திய அதே பாஸ்பரஸ், தாமிரத்தில் கரைந்தால் கடத்துதிறனைக் குறைக்கிறது. இந்த ஒப்பீட்டை ஒரு வரியில் எழுதினாலும் விடை உயர்ந்துவிடும்.

வைரத்தில் நிகழ்வது வேறு. சிலிக்கானில் பாஸ்பரஸின் ஐந்தாவது எலெக்ட்ரான் தளர்வாக இருப்பதற்கு ஒரு காரணம், படிகத்தின் மின்காப்பு மாறிலி 11.7 ஆக இருப்பதால் நேர் அயனியின் ஈர்ப்பு வெகுவாக மறைக்கப்படுவதாகும். வைரத்தில் அந்த மாறிலி 5.7 மட்டுமே, ஈர்ப்பு வலுவாகவே எஞ்சுகிறது. எனவே பாஸ்பரஸின் கொடையாளி மட்டம் கடத்து பட்டைக்கு ஏறத்தாழ 0.6 எலெக்ட்ரான் வோல்ட் கீழே ஆழமாக விழுகிறது, அறை வெப்பநிலையில் மிகச் சில எலெக்ட்ரான்களே விடுபடுகின்றன. போரானின் ஏற்பான் மட்டம் 0.37 எலெக்ட்ரான் வோல்ட் உயரத்தில் இருப்பதால், போரான் கலந்த வைரம் பி-வகைக் குறைகடத்தியாக நடந்துகொள்கிறது. இயற்கையில் கிடைக்கும் நீல வைரங்களின் நிறத்துக்கும் பெரும்பாலும் இதே போரான்தான் காரணம். ஆகவே காப்பானை மாசூட்டவே முடியாது என்று அறுதியிட்டு எழுதாமல், மாசு மட்டங்கள் ஆழமாக அமைவதால் மாசூட்டல் பெரும்பாலும் பயன் தருவதில்லை என்று எழுதுவதே சரி.

படமும் வெப்பநிலையும்

படங்களை அருகருகே, செங்குத்து அச்சில் ஆற்றலைக் குறித்து, ஒரே அளவுகோலில் வரைய வேண்டும். நிரம்பிய பகுதியை நிழலிட்டு, பெர்மி மட்டத்தைப் புள்ளிக்கோடாகக் காட்டுங்கள். உலோகத்தில் அது பட்டைக்குள்ளேயும், மாசற்ற குறைகடத்தியிலும் காப்பானிலும் இடைவெளியின் ஏறத்தாழ நடுவிலும் அமையும். என்-வகையில் கடத்து பட்டையை நோக்கி மேலேறும், பி-வகையில் இணைதிறன் பட்டையை நோக்கிக் கீழிறங்கும். மாசு மட்டங்களைத் துண்டுக் கோடுகளாக வரைவது வழக்கம், ஏனெனில் அவை ஒன்றுக்கொன்று தொலைவில் உள்ள தனித்தனி அணுக்களுக்கு உரியவை, பட்டை அல்ல.

வெப்பநிலையைப் பற்றி இரண்டு வாக்கியங்கள் போதும். உலோகத்தில் எலெக்ட்ரான் எண்ணிக்கை மாறாது, அணிக்கோவை அதிர்வுகள் கூடுவதால் மின்தடை உயரும். மாசற்ற குறைகடத்தியில் அதிர்வுகளின் விளைவை எண்ணிக்கையின் அடுக்குக்குறி உயர்வு மிஞ்சிவிடுவதால் மின்தடை குறையும். மாசூட்டிய சிலிக்கானில் அறை வெப்பநிலையை ஒட்டிய பரப்பில் செறிவு மாறாமல் நிற்பதால், அங்கே அதன் மின்தடை உலோகத்தைப் போல் சற்றே உயரவும் கூடும் என்பதை அறிந்தவர், "குறைகடத்தியின் மின்தடை எப்போதும் குறையும்" என்று எழுதமாட்டார்.

வரம்பைக் கேட்டால்

உலோகம், குறைகடத்தி, காப்பான் என்ற பிரிவினையைப் பட்டைகளின் நிரப்பத்தைக் கொண்டு 1931-இல் விளக்கியவர் ஆலன் வில்சன். அவர் பயன்படுத்திய, ஃபெலிக்ஸ் பிளாக் 1928-இல் அமைத்த கோட்பாடு, ஒவ்வோர் எலெக்ட்ரானும் மற்றவற்றைத் தனித்தனியே உணராமல் படிகத்தின் சராசரிப் புலத்தில் இயங்குவதாகக் கொள்கிறது. நிக்கல் ஆக்சைடில் 3d பட்டை பகுதியளவே நிரம்பியிருப்பதால் இந்தக் கணக்குப்படி அது உலோகமாக இருக்க வேண்டும். உண்மையில் அது காப்பான். டி போயரும் வெர்வேயும் 1937-இல் இதைச் சுட்டிக்காட்டினார்கள். ஒரே நிக்கல் அயனியில் இன்னொரு 3d எலெக்ட்ரான் வந்து சேர்ந்தால் ஏற்படும் விலக்கு ஆற்றல், பட்டையின் அகலத்தைவிடப் பெரியதாக இருப்பதால், காலி இடம் அருகிலேயே இருந்தும் எலெக்ட்ரான்கள் தத்தம் அயனிகளிலேயே தங்கிவிடுகின்றன. நெவில் மாட் இந்த விளக்கத்தை விரித்துரைத்ததால் இத்தகைய பொருள்கள் மாட் காப்பான்கள் எனப்படுகின்றன.